இண்டெக்ஸ் புத்தகமும் எதிர்வீட்டுப் பெண்ணும்

எங்கள் எதிர்வீட்டில் இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். திண்டுக்கல்லில் ஒரு பத்திர எழுத்தரிடம் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறாள். போன மாசி மாதம் ஒரு சாயங்காலம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தின் நோட்டீஸ் இருந்தது. கணக்கும் டேட்டா என்ட்ரியும் சேர்ந்த ஆறு மாதப் படிப்பு, கட்டணம் அறுபதாயிரம். அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கப் போகிறார்களாம்.

"தாத்தா, இனிமே பத்திரமெல்லாம் கம்ப்யூட்டரே எழுதிரும்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க முதலாளியே சொல்றாரு. அதான் வேற வேலைக்கு மாறிக்கலாம்னு பார்க்கிறேன். நீங்க அந்த ஆபீஸ்லயே இருந்தவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள்.

ஒரு வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவள் கேட்டது எனக்குப் புதிய கேள்வி இல்லை. என் வாழ்க்கையில் அது இரண்டு முறை வந்து போயிருக்கிறது. ஒரு முறை அப்பாவுக்கு, ஒரு முறை எனக்கு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். அப்பா அங்கே ஒரு நோத்தேரிடம் கிளெர். நோத்தேர் என்றால் நம்மூர் நோட்டரி மாதிரி முத்திரை குத்திக் கொடுப்பவர் இல்லை. பத்திரத்தைத் தானே தயாரித்து, இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டி, அசலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, நகலைக் கொடுப்பவர். அந்த நகல்களை அழகான கையெழுத்தில் எழுதுவதுதான் அப்பாவின் வேலை. 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அதன் பிறகு பிரெஞ்சில் எழுதும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அப்பாவின் கையெழுத்தை யாரும் கேட்கவில்லை. ஆனால் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்து, இந்தச் சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தமிழில் சொல்லக்கூடிய ஆள் தேவைப்பட்டது. அப்பா கடைசிவரை அதில்தான் சாப்பிட்டார். எழுதும் கை போனது, படிக்கும் கண் நின்றது. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

பிறகு மாமா ஊரான திண்டுக்கல்லுக்கு வந்து, தேர்வு எழுதி, பதிவுத்துறையில் இளநிலை உதவியாளர் ஆனேன். ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுப் பிரிவு கிடைத்தது. கணினி வருவதற்கு முன் வில்லங்கம் எப்படிப் பார்த்தோம் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மனு கொடுப்பவர் கிராமம், சர்வே எண், எத்தனை வருடம் என்று எழுதித் தருவார். பதிவான ஒவ்வொரு பத்திரத்துக்கும் இரண்டு இண்டெக்ஸ் உண்டு. ஒன்று ஆட்களின் பெயர்ப்படி, இன்னொன்று சொத்தின்படி. முப்பது வருட வில்லங்கம் என்றால் முப்பது வருடத்து இண்டெக்ஸ் வால்யூம்களையும் இறக்க வேண்டும். அந்தக் கிராமத்துப் பக்கத்தைப் பிரித்து, சர்வே எண் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய், அகப்படும் பத்திரத்தின் எண்ணையும் பக்கத்தையும் குறித்துக்கொண்டு, அந்தப் பத்திரத்தைத் திறந்து சொத்து அதேதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் வில்லங்கம் இல்லை என்று ஒரு படிவம், இருந்தால் இன்னொரு படிவம். தவறிப் போன ஒரு வரி ஒரு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு இழுத்துவிடும்.

நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். எந்தக் கிராமம் எந்த வால்யூமில் எத்தனையாவது பக்கம் என்பது மனப்பாடம். பத்து வருட அனுபவம் இல்லாதவன் இந்த வேலையைத் தொட முடியாது என்று நானே சொல்லித் திரிந்தேன். எங்கள் பிரிவில் இன்னொருவர் இருந்தார். அவருக்கு இண்டெக்ஸ் சரியாக வராது. ஆகவே அவரைக் கவுன்ட்டரில் உட்காரவைத்து, சண்டை போட்டுக்கொண்டு வரும் அண்ணன் தம்பிகளிடம் பேசச் சொல்லிவிடுவோம். 'சந்தைக்கடைக்காரர்' என்று கேலி வேறு.

2000ல் தமிழகத்தில் 'ஸ்டார்' என்ற திட்டத்தின் பெயரில் பதிவு அலுவலகங்களைக் கணினிமயமாக்க ஆரம்பித்தார்கள். அலை எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. இண்டெக்ஸ் எல்லாம் கணினியில் ஏறியது. நான் ஒரு நாள் முழுவதும் தேடியதை, நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தான். யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை, அரசாங்கம் அப்படிச் செய்யாது. ஓய்வு பெற்றவரின் நாற்காலியை நிரப்பாமல் விட்டுவிடும், அவ்வளவுதான். ஆனால் எனக்கு ஐம்பது வயதில் செய்ய ஒன்றும் இல்லாமல் போனது. சந்தைக்கடைக்காரருக்கோ வேலை கூடியது. வில்லங்கம் சீக்கிரம் கிடைத்ததும் பத்திரங்கள் அதிகமாக வந்தன. பத்திரங்கள் வந்தால் தகராறுகளும் வருமல்லவா?

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. என் வேலை கஷ்டமானது, அதனால் பத்திரமானது என்று நினைத்திருந்தேன். கஷ்டத்துக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. இண்டெக்ஸ் தேடுவது மனிதனுக்குக் கஷ்டம். ஆனால் அதில் விதி ஒன்றே ஒன்று: இந்த எண்ணும் அந்த எண்ணும் ஒன்றா, இல்லையா. இயந்திரத்துக்கு அதைவிட லேசான வேலை கிடையாது. அண்ணன் தம்பியை எதிரெதிரே உட்காரவைத்து, எது உண்மை என்று பேச்சுக் கொடுத்துக் கறப்பது நமக்கு வேலையாகவே தோன்றாது. இயந்திரத்துக்கு அதைத் தொடங்கவே வழியில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உன் தொழில் போகுமா நிற்குமா என்று கேட்காதே அம்மா. தொழிலுக்கு ஒரு பெயர்தான் உண்டு, உள்ளே பத்து வேலை இருக்கும். நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்தாய், எவ்வளவு நேரம் என்று எழுது" என்றேன். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் எழுதச் சொன்னேன். மறு ஞாயிறு நோட்டோடு வந்தாள். சராசரி எடுத்தால் எட்டு மணி நேரம் இப்படிப் பிரிந்தது.

பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதுப் பத்திரத்தைத் தட்டுவது மூன்று மணி நேரம். பதிவுத்துறை இணையதளத்தில் கட்சிக்காரர் பெயர், ஆதார், சொத்து விவரம் எல்லாம் ஏற்றுவது இரண்டு மணி நேரம். வில்லங்கம் எடுப்பது, வழிகாட்டி மதிப்பு பார்ப்பது, கட்டணம் கணக்குப் போடுவது ஒரு மணி நேரம். தாய்ப்பத்திரங்களை வரிசையாக வைத்து, பட்டாவோடும் நான்குமாலோடும் ஒத்துப் பார்ப்பது ஒரு மணி நேரம். கட்சிக்காரரோடு பேசுவது, பத்திரத்தை வாசித்துக் காட்டுவது, வயதானவரைக் கைபிடித்துப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போவது ஒரு மணி நேரம்.

ஒவ்வொரு வேலைக்கு எதிரேயும் நாலு கேள்வி எழுதினோம். உள்ளே வருவது எப்போதும் ஒரே உருவத்தில் வருகிறதா? செய்தது சரியா தவறா என்பதை விதியை வைத்தே சொல்ல முடியுமா? ஆள் நேரில் இருந்தாக வேண்டுமா? தவறினால் யார் பதில் சொல்ல வேண்டும்? முதல் இரண்டுக்கும் 'ஆமாம்', மூன்றாவதற்கு 'வேண்டாம்', நான்காவதற்கு 'நான் இல்லை' என்று வந்தால் அந்த வேலை இயந்திரத்தின் வாய்க்கு நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

கட்டணக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கிரையப் பத்திரத்துக்கு இப்போது முத்திரைத்தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் இரண்டு சதவீதம். பத்திரத்தில் எழுதிய தொகை, வழிகாட்டி மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதன் மேல். இருபது லட்சத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். இதை மனக்கணக்கில் போடுவதை அவள் பெருமையாகச் சொல்வாள். எல்லாமே விதி. தளமே கணக்குப் போட்டுக் காட்டும்போது பெருமைக்கு என்ன விலை? தட்டச்சும் அப்படித்தான். பழைய கிரையத்தைப் பார்த்து அதே அச்சில் புதுக் கிரையம் எழுதும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஆக எட்டில் ஆறு மணி நேரம் வெயிலில் நிற்கிறது, இரண்டு மணி நேரம்தான் நிழலில்.

உலக அளவில் பார்த்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஐ.நா.வைச் சேர்ந்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. இப்போது பேச்சாக இருக்கும் செயற்கை நுண்ணறிவு எந்தத் தொழிலை எவ்வளவு தொடும் என்று, தொழிலை வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். மற்ற வகைகளை எல்லாம்விட அதிகமாக அடிபடுவது எழுத்தர் வேலை. எழுத்தர்கள் செய்யும் வேலைகளில் 24 சதவீதம் அதிகமான பாதிப்பிலும், இன்னொரு 58 சதவீதம் நடுத்தரப் பாதிப்பிலும் இருக்கின்றன என்றார்கள். பாதிப்பு என்றால் ஆளே போவான் என்று அர்த்தமில்லை, அவன் செய்யும் வேலை மாறும் என்பதுதான் பெரும்பாலும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். இதைப் படித்தபோது என் பழைய நாற்காலிதான் ஞாபகம் வந்தது.

தாய்ப்பத்திரம் ஒத்துப் பார்ப்பது எந்தப் பக்கம் என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம். "அது மூளை வேலை தாத்தா, கம்ப்யூட்டருக்கு வராது" என்றாள். அந்த வாரம் தாடிக்கொம்பு பக்கத்து நிலம் ஒன்று அவளிடம் வந்திருந்தது. அதை வைத்தே பார்த்தோம்.

பட்டாவில் உட்பிரிவு எண் இருந்தது. எழுபதுகளில் எழுதிய தாய்ப்பத்திரத்தில் உட்பிரிவு ஆவதற்கு முந்தைய முழு எண்தான் இருந்தது. புது எண்ணைப் போட்டு வில்லங்கம் எடுத்தால் சுத்தம். பழைய எண்ணைப் போட்டு எடுத்தால் ஓர் அடமானம் எட்டிப் பார்த்தது, ரத்தான பத்திரம் காணோம். இதை அவள் கண்டுபிடித்தாள். அனுபவம் இல்லாதவர் கோட்டை விட்டிருப்பார். ஆனாலும் இது நான் சொன்ன இண்டெக்ஸ் வேலையேதான். எந்தப் பழைய எண் எந்தப் புது எண்ணாகப் பிரிந்தது என்பது நில ஆவணத்தில் எழுதியிருக்கும் சங்கதி. அந்த இரண்டையும் கணினியில் கோத்துவிட்டால் இயந்திரமே இரண்டு எண்ணிலும் தேடும். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

அதே நிலத்தில் இன்னொன்றும் நடந்தது. விற்பவர்கள் அண்ணன் தம்பி இருவர். அப்பா சம்பாதித்த நிலம், உயில் எழுதாமல் இறந்துவிட்டார். பட்டா மகன்கள் இருவர் பெயரில். காகிதம் எல்லாம் கச்சிதம். இவள் காபி கொடுத்துவிட்டுப் பேச்சுவாக்கில், "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறாள். பெரியவர் தயங்காமல், "மூணு பேரும்மா. அக்கா திருப்பூர்ல கட்டிக்கொடுத்தாச்சு, அதுக்கு நகை போட்டாச்சு" என்றிருக்கிறார். நகை போட்டால் பங்கு தீர்ந்தது என்பது ஊர் நியாயம். 1956ம் வருடத்து இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அந்த அக்கா கையெழுத்துப் போடாமல் கிரையம் ஆகியிருந்தால், வாங்கியவர் பத்து வருடம் கழித்துக் கோர்ட்டில் நிற்பார்.

இதற்குப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை, ஒரே ஒரு கேள்விதான். ஆனால் அந்த அக்கா எந்தப் பத்திரத்திலும் இல்லை, எந்தப் பட்டாவிலும் இல்லை. இல்லாத காகிதத்தை இயந்திரம் எப்படிப் படிக்கும்? சட்டம் அதற்கும் தெரியும். திருப்பூரில் ஓர் அக்கா இருக்கிறாள் என்பது தெரியாது. அதை ஒருவர் கேட்க வேண்டும், கேட்கிறவரை நம்பி இன்னொருவர் சொல்ல வேண்டும்.

ஆகவே அந்த ஒரு மணி நேரத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தோம். எண்ணை ஒத்துப் பார்ப்பது வெயிலில், காகிதத்தில் இல்லாததைத் தேடுவது நிழலில்.

அடுத்து, மாறினால் எங்கே மாறுவது என்ற கேள்வி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெயர் வேறாக இருந்தால் வேலையும் வேறு என்று நினைத்துவிடுகிறோம். அந்த அறுபதாயிரம் ரூபாய்ப் படிப்பை அதே நாலு கேள்வியில் போட்டுப் பார்த்தோம். படித்து முடித்தால் ஒரு நூற்பாலையிலோ கடையிலோ பில் ஏற்றும் வேலை கிடைக்கும். பில் ஒரே உருவத்தில் வரும், விதிப்படி ஏறும், ஆள் நேரில் வேண்டாம், பொறுப்பு ஆடிட்டருடையது. அதாவது இப்போது எட்டில் ஆறு மணி நேரம் வெயிலில் நிற்கிறாள், அங்கே போனால் எட்டு மணி நேரமும் நிற்பாள். அடகு வைத்து வெயில் வாங்குவானேன்?

பக்கத்தில் இருக்கும் மற்ற வேலைகளையும் பார்த்தோம். உரிமம் பெற்ற பத்திர எழுத்தர் ஆவது ஒன்று. பத்திரத்தின் அடியில் தயாரித்தவர் என்று தன் பெயரும் உரிம எண்ணும் வரும். பொறுப்பு தன்னுடையது என்பதால் நான்காவது கேள்வியில் நல்ல மதிப்பெண். ஆனால் சாதாரணக் கிரையத்தைக் கட்சிக்காரரே இணையதளத்தில் தயாரித்துக்கொள்ளும் காலம் வந்துகொண்டிருக்கிறது. பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம் போன்ற குடும்பச் சிக்கல் உள்ளவைதான் எழுத்தரிடம் வந்து சேரும். உரிமமும் கேட்டதும் கிடைப்பதில்லை, அரசு கொடுக்கும்போதுதான்.

இன்னொன்று, வங்கிக் கடனுக்காகச் சொத்தின் தொடர்ச்சியை ஆராய்ந்து கருத்துரை எழுதும் வக்கீலிடம் உதவியாளராகப் போவது. அவளுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அங்கே உதவும். படிப்பதை இயந்திரம் செய்தாலும், விட்டுப்போனதைக் கேட்டு வாங்குவது அவள் கையில் இருக்கும். ஆனால் கையெழுத்து வக்கீலுடையது. சட்டம் படிக்காதவரை ஓர் அளவுக்கு மேல் உயர முடியாது.

மூன்றாவது, நில அளவை. வரப்பில் நின்று, அக்கம்பக்கத்துக்காரரை வைத்துக்கொண்டு கல் நடும் வேலை. மூன்றிலும் அதிக நிழல் இதில்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்தது கால்வாசிதான் பயன்படும், மீதியைப் புதிதாகப் படிக்க வேண்டும். அவளுக்கு மனசும் இல்லை.

இதில் என் அனுபவம் ஒன்றையும் சொன்னேன். இண்டெக்ஸ் போன பிறகு, மதிப்பைக் குறைத்துக் காட்டிய பத்திரங்களை விசாரிக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். முத்திரைச் சட்டத்தில் 47-அ என்று அதற்கு ஒரு பிரிவு உண்டு. நிலத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். புஞ்சை என்று எழுதியிருக்கும், போனால் கிணறும் தென்னையும் நிற்கும். மனை இல்லை என்று எழுதியிருக்கும், போனால் கல் நட்டிருக்கும். ஓய்வு பெறும்வரை அதில் குறையில்லாமல் ஓடியது. பத்திரங்களை முப்பது வருடம் படித்த கண் அங்கே உதவியது. ஆனால் நாங்கள் ஐந்து பேர் மாற்றல் கேட்டோம், இடம் இருந்தது ஒன்றுதான். நிழல் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதில் எத்தனை பேர் நிற்க முடியும் என்றும் பார்க்க வேண்டும். அதனால் எல்லாரும் கிளம்புவதற்கு முன் கிளம்ப வேண்டும்.

கடைசியில் அவள் எங்கும் மாறவில்லை. சங்கிலியும் அடகுக்குப் போகவில்லை. முதலாளியிடம் பேசி, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் வந்தால் தன்னிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டாள். தட்டுவதற்கு ஒரு சின்னப் பையனை வைத்திருக்கிறார்கள். அவனுக்கு என்ன வழி என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. அவனையும் நோட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் அவள் கணக்கைத் திரும்பப் பார்த்தோம். நிழலில் இரண்டு மணி நேரம் இருந்தது நாலு ஆகியிருக்கிறது. சம்பளம் இன்னும் கூடவில்லை. வருடா வருடம் மாசியில் இந்தக் கணக்கைப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம், ஏனென்றால் வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். என் அப்பா படித்துச் சொன்ன பிரெஞ்சுப் பத்திரத்தை இன்றைக்கு போன் கேமராவில் காட்டினாலே ஓரளவு மொழிபெயர்த்துக் காட்டிவிடுகிறது. பேத்தி செய்து காட்டினாள். அதில் ஒரு பிழை இருந்தது. நான் கண்டுபிடித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான்.

திருப்பூர் அக்கா வந்து கையெழுத்துப் போட்டார். பங்குக்கு உரிய பணத்தையும் வாங்கிக்கொண்டார். போகும்போது, "என்னைக் கேட்டது யாரு?" என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.